படத்தில் சொர்க்கம்; நேரில் கிடங்கு!

மனிதன் பார்க்காத விளம்பரம் என்ன செய்யும்?

ஸ்காட்லாந்து நாட்டில் கிளாஸ்கோ என்று ஒரு பெரிய நகரம் இருக்கிறது. 2024-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி, அங்கே குழந்தைகளுக்காக ஒரு சாக்லெட் கண்காட்சி நடந்தது.

அதற்கான விளம்பரப் படங்களைப் பார்த்தவர்கள் சொக்கிப் போனார்கள். வண்ண வண்ண மரங்கள்! மிட்டாய்த் தோட்டங்கள்! நுழைவுச் சீட்டு 35 பவுண்டு வரை விற்றது. நம் பணத்தில் 3,500 ரூபாய்க்கு மேல். பெற்றோர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஓடினார்கள்.

உள்ளே என்ன இருந்தது? ஏறக்குறைய வெறுமையான ஒரு கிடங்கு. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில அலங்காரங்கள். குழந்தைகளின் கையில் விழுந்தது சில மிட்டாயும், அரைகுறைக் கோப்பை எலுமிச்சைச் சாறும்தான். குழந்தைகள் அழுதார்கள். பெற்றோர் ஆத்திரம் அடைந்தார்கள். போலீஸ் வந்தது. அன்றைக்கே கண்காட்சி மூடப்பட்டது.

அந்தப் படங்களை எந்த ஓவியரும் வரையவில்லை. "இப்படி ஒரு படம் வேண்டும்" என்று சொன்னால் நொடியில் வரைந்து தரும் கம்ப்யூட்டர் கருவி வரைந்தது.

எழுத்தே காட்டிக் கொடுத்தது

விளம்பரத்தைக் கூர்ந்து பார்த்திருந்தால் முன்பே சந்தேகம் வந்திருக்கும். சொர்க்கம் என்று பொருள்படும் 'பாரடைஸ்' என்ற ஆங்கிலச் சொல், படத்தில் 'பாசடைஸ்' என்று இருந்தது. தின்பண்டத்தைக் குறிக்கும் 'ட்ரீட்ஸ்', 'டீட்ஸ்' ஆகிவிட்டது.

ஏன் இப்படி? படம் வரையும் கருவி, எழுத்தையும் ஒரு கோலம் போலவே வரைகிறது. படித்துப் பார்த்து எழுதுவதில்லை. புதிய கருவிகள் இதில் எவ்வளவோ தேறிவிட்டன. ஆனாலும் தமிழில் கொம்பும் புள்ளியும் இடம் மாறுவது உண்டு.

இதற்கு எளிய வழி இருக்கிறது. எழுத்தே இல்லாமல் படத்தை மட்டும் வாங்க வேண்டும். வாசகத்தைத் தனியாக அச்செழுத்தில் அதன் மேல் பதிக்க வேண்டும். பிறகு, அதை எழுதாத வேறு ஒருவர் உரக்கப் படித்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் எழுத்துப் பிழை சிறிய குற்றம். இல்லாத பொருளைக் காட்டுவதுதான் பெரிய குற்றம். கருவிக்குக் கிடங்கு தெரியாது. அங்கே எத்தனை மிட்டாய் இருக்கிறது என்பதும் தெரியாது. கேட்டதை அழகாக வரைவதுதான் அதன் வேலை. ஆகவே, படத்தை ஒரு கையிலும் பொருளை மறு கையிலும் வைத்து ஒப்பிட ஒரு மனிதன் வேண்டும்.

ஒன்று அறுபதாகும் ஆபத்து

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு மிட்டாய்க் கடைக்காரர் விளம்பரம் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கருவி அவருக்கு 5 தலைப்பு, 4 வாசகம், 3 படம் தருகிறது. மாற்றி மாற்றிச் சேர்த்தால் 60 விளம்பரங்கள்! எது அதிகம் பேரை இழுக்கிறது என்று பார்க்க, எல்லாவற்றையும் ஓடவிடுகிறார்கள்.

"விலை 200 ரூபாய்" என்பது அரைக் கிலோவுக்கான வாசகம். அது உண்மைதான். படத்தில் இருப்பது ஒரு கிலோ பெட்டி. அதுவும் உண்மையான பெட்டிதான். இரண்டும் ஒன்று சேர்ந்தால்? பொய்! வாங்குகிறவர் ஒரு கிலோ 200 ரூபாய் என்றுதானே நினைப்பார்?

தலைப்பைத் தனியாகவும் படத்தைத் தனியாகவும் பார்த்தால் இந்தத் தவறு கண்ணில் படாது. சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அறுபதையும் பார்க்கப் புறப்பட்டால், நாற்பதாவதில் கண் சோர்ந்துவிடும். ஆகவே முதலில் கழிக்க வேண்டும். 2 தலைப்பு, 2 வாசகம், 2 படம் போதும். எட்டே விளம்பரங்கள். எட்டையும் ஒருவர் ஒழுங்காகப் பார்க்கலாம்.

பார்க்கும்போது ஒவ்வொரு வரிக்கும் "ஆதாரம் எங்கே?" என்று கேட்க வேண்டும். "ஊரிலேயே முதல் கடை" என்று கருவி எழுதியிருக்கும். யார் சொன்னது? "சுத்தமான நெய்" என்று எழுதியிருக்கும். நெய் வாங்கிய ரசீது இருக்கிறதா? ஆதாரம் இல்லாத வரியை அடித்துவிட வேண்டும். வரி எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி! பிரிட்டனின் விளம்பர விதியும் இதையே சொல்கிறது: ஆதாரம் கையில் வந்த பிறகே விளம்பரம் வெளிவர வேண்டும்.

கடைசியாக, "நான் பார்த்தேன், சரி" என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். பலர் பார்த்தார்கள் என்றால் யாருமே பார்க்கவில்லை என்று ஆகிவிடும்.

இதற்கெல்லாம் அரை நாள் ஆகலாம். கருவியோ அரை நிமிடத்தில் வேலையை முடித்துவிடும். மிச்சமான நேரத்தில் கொஞ்சம் இதற்குக் கொடுத்தால் என்ன? கிளாஸ்கோவில் அந்த அரை நாளை யாராவது கொடுத்திருந்தால், அத்தனை குழந்தைகள் அழுதுகொண்டு வீடு திரும்பியிருக்க மாட்டார்கள்.