மே 31க்கு இன்னொரு மண்டையோடு வேண்டாம்

மே 31 புகையிலை எதிர்ப்புத் தினம். வழமைபோல சுற்றறிக்கை வரும், சுலோகப் போட்டி வரும், சித்திரப் போட்டி வரும். முதற்பரிசு மண்டையோட்டுக்கு, இரண்டாம் பரிசு கறுத்த நுரையீரலுக்கு, ஆறுதல் பரிசு சிகரட் புகைக்குள் அழும் தாய்க்கு. சுலோகங்களும் மாறாது. "புகைக்காதே", "புகையைத் தவிர்", "புகை நமக்குப் பகை". பிறகு அனுசரணையாளரின் படத்தோடு பதாகை அடித்து கேற்றில் கட்டுவோம். அது வெயிலில் வெளுத்து, அடுத்த மழையில் கிழிந்து, கடைசியில் யாருடையதோ விறகுக்கு மூடுதுணியாகும்.

இதைப் பெரிய சேவை என்று சொல்கிறவர்களோடு நாங்கள் உடன்படவில்லை. தரம் 9, 10, 11 வகுப்புகளோடு தினமும் இருக்கிற ஆசிரியர்கள் நாங்கள். அந்தப் பதாகைகள் யாரைக் குறிவைத்து எழுதப்பட்டனவோ அவர்கள் அதை வாசிப்பதே இல்லை. அதை வாசிப்பவர்கள் பெற்றாரும் அதிகாரிகளும்தான். பிள்ளைகள் அதை வாசிக்கும் ஒரே சந்தர்ப்பம், ஒழுக்காற்று ஆசிரியரின் குரலில் அதைச் சொல்லிக்காட்டிச் சிரிக்கும்போது.

முதலில் பயங்காட்டும் படங்களைப் பார்ப்போம். எங்கள் நாட்டில் சிகரட் பெட்டியின் 80 வீதம் எச்சரிக்கைப் படம்தான். புகைக்கிற பெரியவர்களை விடச் சொல்லித் தூண்டுவதற்கு அது பயன்படும், அதை எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் 15 வயதுப் பையன் பெட்டி வாங்குவதில்லை. ஒரு சிகரட் வாங்குகிறான், இல்லாவிட்டால் நண்பன் பாதி இழுத்துவிட்டுத் தருவதை வாங்குகிறான். அவன் கைக்குப் படம் வருவதே இல்லை. வந்தாலும், 50 வயதில் வரப்போகிற நோய் 15 வயதுக்காரனுக்கு வேறு யாருடையதோ உடம்பு. இன்னொன்றும் உண்டு. ஒரு பொருளை எவ்வளவு பயங்கரமாகக் காட்டுகிறோமோ, அதைத் தொடுகிறவன் சக நண்பர்கள் மத்தியில் அவ்வளவு துணிச்சல்காரன் ஆகிறான். மதிலில் ஏறி நடப்பவனைப் பிள்ளைகள் ஏன் பார்க்கிறார்கள்? விழுந்தால் கால் உடையும் என்பதால்தான்.

அடுத்தது உபதேசம். இதில் ஒரு பழைய கதையை ஊர் முழுக்கத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறோம்.

அமெரிக்காவில் 1998ல் இரண்டு விளம்பர இயக்கங்கள் இளைஞர்களை நோக்கி ஆரம்பித்தன. ஒன்றை நடத்தியது பிலிப் மொரிஸ், சிகரட் கம்பனியேதான். அதன் சுலோகம் "திங்க். டோன்ட் ஸ்மோக்". யோசி, புகைக்காதே. எங்கள் போட்டியில் இதற்குப் பரிசே கிடைத்திருக்கும். மற்றது புளோரிடா மாநிலம், புகையிலைக் கம்பனிகளிடம் வழக்கில் பெற்ற பணத்தில் நடத்தியது. பதின்ம வயதினரையே கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசி, அவர்கள் வாயால் வந்ததை எடுத்தார்கள். அதன் பெயர் "ட்ரூத்", உண்மை. அதில் புகைக்காதே என்ற சொல் இல்லை. சிறுவர்கள் கம்பனிக்கு விளம்பரம் செய்கிறவர்களுக்குப் போன் எடுத்துக் கேள்வி கேட்பார்கள், அவ்வளவுதான். நீ என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. உன்னை வைத்து யார் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் காட்டினார்கள்.

புளோரிடாவில் 1998க்கும் 2000க்கும் இடையில், நடுநிலைப் பாடசாலை மாணவரில் சிகரட் குடிப்போர் 18.5 வீதத்திலிருந்து 11.1 வீதமாகக் குறைந்தார்கள். உயர்நிலைப் பாடசாலையில் 27.4லிருந்து 22.6. சுலோகம் மட்டும் இதைச் செய்யவில்லை. பாடசாலை வேலைத்திட்டமும் கடைக்காரர் மீதான சட்டமும் சேர்ந்தே இருந்தன. ஆனால் 2000ல் "ட்ரூத்" நாடு முழுக்கப் போன பிறகு இரண்டு இயக்கங்களையும் ஒப்பிட்டுப் பார்த்து 2002ல் ஆய்வு வெளிவந்தது. "ட்ரூத்" பார்த்த பிள்ளைகளுக்குப் புகையிலை மீது எதிர்ப்பு கூடியிருந்தது. "புகைக்காதே" பார்த்த பிள்ளைகளோ கம்பனியைக் கொஞ்சம் நல்லவிதமாக நினைத்தார்கள், எதிர்காலத்தில் புகைக்கலாம் என்ற எண்ணமும் அவர்களிடம் கூடுதலாக இருந்தது.

ஏன் அப்படி? "நீ சின்னப் பிள்ளை, இது பெரியவர்கள் விஷயம், யோசித்து நட" என்று சொன்னால், பெரிய ஆளாக வேண்டும் என்று துடிக்கிற பையனுக்கு அதைவிட நல்ல விளம்பரம் உண்டா? சிகரட்டை வயதுக்கு வந்ததற்கான சான்றிதழாக நாமே கையில் கொடுக்கிறோம். "மாணவப் பருவத்தில் புகைக்காதே" என்று எங்கள் மதில்களில் எழுதியிருப்பதும் அதே வேலையைத்தான் செய்கிறது. மாணவப் பருவம் முடிந்தால் சரியா?

மார்க்கத் தீர்ப்பைச் சொல்ல வேண்டாமா என்று சிலர் கேட்பீர்கள். சொல்லட்டும், அதற்கு மிம்பர் இருக்கிறது, அங்கே ஆலிம்கள் சொல்கிறார்கள். நாங்கள் பேசுவது சுலோகத்தைப் பற்றி. கடைக்குப் பின்னால் நாலு பேர் நிற்கும்போது ஐந்தாவது பையனுக்குச் சிரித்துக்கொண்டு சொல்ல ஒரு வசனம் வேண்டும். அந்த இடத்தில் அவன் பயான் செய்ய மாட்டான்.

ஆகவே தரம் 10 பிள்ளைகளிடம் வேலையைக் கொடுத்தோம். மூன்று நிபந்தனை. ஏவல் கூடாது, அதாவது "-ஆதே", "தவிர்", "வேண்டாம்" எதுவும் வரக்கூடாது. நோய், பிணம், கபுறு வரக்கூடாது. மூன்றாவதுதான் முக்கியம்: நீ உன் நண்பனிடம் வெட்கப்படாமல் வாய்விட்டுச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும்.

முதல் வந்தது "சிகரட் குடிக்கிறவன் ஆம்புள இல்ல". கேட்க நல்ல காரமாகத்தான் இருந்தது. ஆனால் ஆம்பளத்தனத்தைச் சிகரட்டால் அளக்கிற அதே அளவுகோலைத் திருப்பிப் பிடிப்பதுதான் இது. தவிர, வாப்பா குடிக்கிற பிள்ளை வகுப்பில் மூன்று பேராவது இருப்பார்கள், அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பெண்பிள்ளைகள் இதில் எங்கே என்று ஒரு பிள்ளை கேட்டாள், அதற்கும் பதில் இல்லை. அடித்துவிட்டோம்.

அடுத்தது காசு. ஒரு சிகரட் நூறு ரூபாய்க்கு மேல், அந்தக் காசுக்கு என்னென்ன வாங்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். "எங்கட காசு, கம்பனிக்கு எதுக்கு?" நன்றாகத்தான் இருந்தது. பின் வாங்கிலிருந்து ஒருவன், "சேர், அதுல கூடுதலா எடுக்கிறது அரசாங்கம்தானே, வரியா?" என்றான். உண்மை. சுலோகத்தில் சின்னப் பிழை இருந்தாலும் பிள்ளைகள் பிடித்துவிடுவார்கள், பிறகு மற்றதையும் நம்ப மாட்டார்கள். அதுவும் போனது.

மூன்றாவது, "மாணவர் சமூகமே சிகரட்டில் அழிகிறது, நாங்கள் மட்டும் விதிவிலக்கு". இதைத்தான் நாங்கள் ஆபத்தானதாகப் பார்த்தோம். மேடையில் பெரியவர்கள் பேசுவதும் இதே மாதிரித்தான். இந்த நாட்டில் 13 முதல் 15 வயதுப் பிள்ளைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் புகையிலையைத் தொடுவதில்லை. "எல்லாரும் குடிக்கிறார்கள்" என்று நாம் ஒப்பாரி வைத்தால், குடிக்காத பிள்ளை தான்தான் தனியன் என்று நினைக்கும்.

பிறகு அவர்களுக்கு ஒரு விஷயம் சொன்னோம். 1984ல் ஆர்.ஜே. ரெய்னோல்ட்ஸ் என்ற அமெரிக்க சிகரட் கம்பனிக்குள் ஓர் அறிக்கை எழுதப்பட்டது, பின்னாளில் வழக்குகளால் வெளியே வந்தது. 18 முதல் 24 வயதினர் பற்றிய அறிக்கை. வாடிக்கையாளர்கள் விட்டுப் போகிறார்கள், இறந்தும் போகிறார்கள். அந்த இடங்களை நிரப்ப இளையவர்களை விட்டால் வேறு வழியில்லை என்பது அதன் சாரம். அவர்களுக்கு அதில் ஒரு பெயரும் இருந்தது: "ரிப்ளேஸ்மென்ட் ஸ்மோக்கர்ஸ்". பதிலாட்கள்.

வகுப்பு கொஞ்சம் அமைதியானது. நோயைச் சொல்லும்போது கொட்டாவி விட்டவர்கள் இதற்குக் கோபப்பட்டார்கள். "அப்போ எங்கள வேலைக்கு எடுக்கிறாங்களா சேர்?" என்றான் ஒருவன். "சம்பளம் இல்லாத வேலை, நாமதான் காசு கட்டணும்" என்றாள் இன்னொருத்தி. பிறகு கடைகளின் கண்ணாடியில் ஒட்டுகிற அந்த அறிவித்தல் யாருக்கோ ஞாபகம் வந்தது. பத்து நிமிடத்தில் பலகையில் இது இருந்தது:

ஆட்கள் தேவையாம். நாங்க வரல்ல.

கீழே சின்ன எழுத்தில்: "விட்டுப் போனவர்களின் இடத்துக்கு. அனுபவம் தேவையில்லை. சம்பளம் இல்லை, மாதாமாதம் நீங்களே கட்ட வேண்டும்." மண்டையோடு இல்லை, ஏவல் இல்லை. சாதாரண வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து, கடை அறிவித்தல் போலவே. தூரத்தில் பார்க்கிறவன் வேலை என்று நினைத்துக் கிட்ட வந்து வாசிப்பான்.

உடனே அச்சுக்குக் கொடுக்கவில்லை. ஒரு கிழமை சும்மா விட்டுப் பார்த்தோம். எங்கள் குரலில் நக்கலாகச் சொல்லிக்காட்டினால் அது செத்த சுலோகம். தாங்களாக வேறு இடத்தில் பாவித்தால் உயிர் இருக்கிறது. மூன்றாம் நாள் கூட்டத்துக்குக் கதிரை தூக்க ஆள் கூப்பிட்டபோது பின்னாலிருந்து "ஆட்கள் தேவையாம், நாங்க வரல்ல" என்று சத்தம் வந்தது. அதிபருக்குக் கோபம். எங்களுக்குச் சந்தோஷம். கதிரைக்குச் சொல்ல வாய் வருகிறவனுக்கு, நண்பன் சிகரட்டை நீட்டும்போதும் "வேற ஆள் பாரு மச்சான், நான் வரல்ல" என்று சொல்ல வரும். பயந்தவன் என்றோ நல்ல பிள்ளை என்றோ அவனை யாரும் கேலி செய்ய முடியாது, ஏனென்றால் அவன் மறுப்பது ஏமாளியாக இருப்பதை.

இதற்கும் எல்லை உண்டு. இது இன்னும் தொடங்காத பிள்ளைக்கு. ஏற்கனவே பழகிவிட்ட பையனுக்கு வசனம் போதாது, அவனோடு உட்கார்ந்து பேச ஆள் வேண்டும். 2006ம் ஆண்டின் 27ம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு சிகரட் விற்க முடியாது. அப்படியிருக்க, "வாப்பாவுக்குத்தான்" என்று வருகிற பையனிடம் எடுத்துக் கொடுக்கிற கடையும், அவனை அனுப்புகிற வாப்பாவும் உள்ள தெருவில் எந்தச் சுலோகமும் பாதிதான் வேலை செய்யும். அனுப்புகிற வாப்பாமாரே, நீங்களே போய் வாங்குங்கள், நடக்கிற தூரம்தானே.

இந்த முறை போட்டி நடத்துகிறவர்களிடம் நாங்கள் கேட்பது இதுதான். நடுவர்களில் பாதிப்பேர் தரம் 10 மாணவர்களாக இருக்கட்டும். ஏவல் வினை வந்த சுலோகத்தை முதல் சுற்றிலேயே எடுத்துவிடுங்கள். தெரிவானதைப் பிரதான மண்டபத்தில் தொங்கவிடாமல் டியூஷன் கொட்டில் வாசலிலும் மைதானத்துப் பின்பக்கத்திலும் ஒட்டுங்கள். எங்கள் பிள்ளைகளின் தாளை நாங்கள் அப்படித்தான் ஒட்டப்போகிறோம். அச்சுச் செலவை யாராவது பொறுப்பேற்றால் நன்றி, ஆனால் தாளில் பெயரோ படமோ போட மாட்டோம், பாடசாலைச் சின்னமும் கூட.