5% ராயல்டிதானேனு நினைக்கிறீங்களா? ஒரு டீக்கடை கணக்கு

'முதலீடு 10 லட்சம், மாசம் 1 லட்சம் லாபம்' என்று வரும் டீக்கடை ஃப்ரான்சைஸ் விளம்பரத்தைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. அதில் ராயல்டி என்ற வார்த்தை ஓரமாகத்தான் இருக்கும். 5% என்றால் நூற்றுக்கு அஞ்சு ரூபாய், அது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். அங்கேதான் சிக்கலே.

பெரிய காஞ்சிபுரத்தில், காமாட்சி அம்மன் கோயில் பக்கம் ஒருவர் அப்படி ஒரு கடை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்க எண்களைப் போட்டுப் பார்த்துக்கோங்க.

ஒரு நாளைக்கு 10,000 ரூபாய் விற்பனை, மாசம் 3 லட்சம். பால், டீத்தூள், ஸ்நாக்ஸ், கப் எல்லாம் விற்பனையில் 40%, அதாவது 1,20,000. வாடகை, நாலு பேர் சம்பளம், கரன்ட், கேஸ், சில்லறைச் செலவு சேர்த்து 1,25,000. மிச்சம் 55,000. பரவாயில்லையே என்று தோன்றுகிறதா?

இனிமேல்தான் ராயல்டி. 3 லட்சத்துக்கு 5% என்றால் 15,000. அதுக்கு மேல 18% ஜி.எஸ்.டி. வேற கம்பெனியா இருந்தா இந்த வரியை உள்ளீட்டு வரிக் கழிவாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆனால், 5% ஜி.எஸ்.டி. வசூலிக்கும் உணவகங்களுக்கு 2017 நவம்பரிலிருந்து அந்த வசதி இல்லை. அதனால் கையிலிருந்து போவது 17,700. விற்பனையில் 5% என்று சொல்லப்பட்டது, லாபத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு!

ஃப்ரான்சைஸ் கட்டணம் 3 லட்சம், ஒப்பந்தம் 5 வருஷம் என்றால், வரியோடு சேர்த்து மாசத்துக்கு 5,900 விழும். உள் அலங்காரம், மெஷினுக்குப் போட்ட 7 லட்சத்தையும் 60 மாசத்துக்குப் பிரித்தால் இன்னும் 11,667. கடைசியில் கடைக்காரர் கையில் நிற்பது 20,000-க்கும் கொஞ்சம் கம்மி. காலையிலிருந்து ராத்திரி வரை கல்லாவில் உட்கார்ந்ததுக்கான சம்பளமும் இதுக்குள்ளேதான்.

இதுவே நல்ல மாசம். முகூர்த்தம் இல்லாத மாசங்களில் பட்டுப்புடவை எடுக்க வர்ற கூட்டம் குறைந்து, விற்பனை 8,000 ஆகிறது என்று வைங்க. சரக்குச் செலவு குறையும். வாடகையும் சம்பளமும் குறையாது. ராயல்டிக்கு முன்னால் மிஞ்சுவது 19,000 மட்டும். அதில் ராயல்டியும் வரியும் 14,160. கடைக்காரருக்கு 4,840 ரூபாய்! முதலீட்டுச் செலவைக் கழித்தால் மாசம் 12,000-க்கு மேல் நஷ்டம். பிராண்டுக்குக் குறைந்ததோ வரி போக 3,000 ரூபாய்தான்.

காரணம் சிம்பிள். ராயல்டி விற்பனையின் மேல் கணக்காகிறது, கடைக்காரர் வாழ்வது லாபத்தில். அமெரிக்காவில் சப்வே கடைக்காரர்கள் விற்பனையில் 8% ராயல்டி, விளம்பரத்துக்கு 4.5% கட்டுகிறார்கள். 2017 கடைசியில் 4.99 டாலர் சாண்ட்விச் ஆஃபர் வந்தபோது, நூற்றுக்கணக்கானவர்கள் எதிர்த்து மனு கொடுத்தார்கள். தள்ளுபடியால் கூட்டம் வந்தால் நிறுவனத்துக்கு ராயல்டி வரும், ஒவ்வொரு சாண்ட்விச்சிலும் குறையும் காசு கடைக்காரருடையது.

'எங்களிடம் ராயல்டியே கிடையாது' என்கிறவர்களிடம் இன்னும் உஷாரா இருங்க. டீத்தூள், மசாலா, கப் எல்லாம் அவர்களிடம்தான் வாங்கணும் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். நம் கணக்கில் சரக்குச் செலவு 40%-லிருந்து 46% ஆனாலே 18,000 போய்விடும், ராயல்டியைவிட அதிகம். அவர்களின் விலைப்பட்டியலை வாங்கி, உள்ளூர் மொத்தக் கடை விலையோடு ஒப்பிட்டால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் கையெழுத்துக்கு 14 நாள் முன்னாடியே ஃப்ரான்சைஸ் விவரங்களை எழுத்தில் தரணும். இங்கே அதற்கெனத் தனிச் சட்டம் இல்லை, 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம்தான். அதனால் நீங்களேதான் கேட்கணும். ஏற்கெனவே நடக்கும் ரெண்டு கடைகளின் GSTR-3B ரிட்டர்னைக் காட்டச் சொல்லுங்க. மூடிய கடைகள் எத்தனை, அவர்கள் நம்பர் கிடைக்குமா என்றும் கேளுங்க. இழுத்தடித்தாலே பாதி பதில் கிடைத்த மாதிரி.

மீதிப் பாதி தெருவில் இருக்கிறது. கடைக்காரருக்கு 25,000 சம்பளமும் சேர்த்து, நஷ்டமில்லாமல் ஓட நம் கடைக்குத் தினமும் சுமார் 10,300 ரூபாய் வேணும். ஒரு பில் சராசரியா 30 ரூபாய் என்றால் 345 பில். காலை 6 முதல் இரவு 10 வரை, மணிக்கு 21, 22 பில். அதே பிராண்டின் வேறொரு கடைக்கு எதிரே, ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் 3 மணிக்கும் போய் நின்று எண்ணிப் பாருங்க.