நனைந்த போனை அரிசிக்குள்ளும் போடாதீர்கள், சார்ஜிலும் போடாதீர்கள்



போன வாரத்து மழையை வீடியோ எடுத்து எனக்கு அனுப்பியவர்களில் இரண்டு பேருடைய போன் இப்போது ரிப்பேர் கடையில் கிடக்கிறது. இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: "அரிசிக்குள்ள போட்டு வச்சேன் சார், காலைல சரியாயிருக்கும்னு நெனச்சு சார்ஜ்ல போட்டேன்."

2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் மறக்காது. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அன்றைக்கு முற்றத்தில் விழுந்த மழையைப் படம் எடுக்கப் போய், போனைத் தண்ணீரில் நழுவ விட்டேன். பயந்துபோய் அணைத்துவிட்டு, துடைத்து, அலமாரி மேல் வைத்தேன். கரண்ட் வர நாளானது. வந்த பிறகு போட்டால் ஒன்றும் ஆகவில்லை. என் மச்சினன் போன் தண்ணீரில் விழவே இல்லை, உப்பளப் பக்கம் போய் வரும்போது சாரல் அடித்ததோடு சரி. வந்த கையோடு பவர் பேங்கில் சொருகினான். ஒரு வாரத்தில் சார்ஜ் ஏறுவது நின்றது. கடைக்காரர் துவாரத்தைக் காட்டினார், உள்ளே பச்சை பூத்திருந்தது. என் போன் பிழைத்தது என் புத்திசாலித்தனத்தால் அல்ல, கரண்ட் இல்லாததால்.

எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். உப்புத் தண்ணீரில் இரண்டு செம்புக் கம்பியை விட்டு, டார்ச் பேட்டரியோடு இணைப்போம். கொஞ்ச நேரத்தில் பாசிட்டிவ் பக்கக் கம்பி நிறம் மாறி அரிக்க ஆரம்பிக்கும். அதே சோதனைதான் சார்ஜ் துவாரத்துக்குள்ளும் நடக்கிறது. டைப்-சி துவாரத்தில் ஒரு முனைக்கும் அடுத்ததற்கும் அரை மில்லிமீட்டர்தான் இடைவெளி. நடுவில் ஒரு சொட்டு நின்றால் போதும். தண்ணீர் மட்டும் தானாகக் காய்ந்துவிடும். கரண்டும் சேர்ந்தால் உலோகத்தைத் தின்றுவிடும்.

நம் ஊரில் இன்னொரு சங்கடம் உண்டு. மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடி கசிவதைப் பார்க்கிறோம் அல்லவா? அதில் இருக்கும் மக்னீசிய உப்பு காற்றின் ஈரத்தை இழுப்பதால்தான் அப்படி. உப்புக் காற்றில் புழங்கும் போனிலும் அது மெலிதாகப் படிந்திருக்கும். பகலில் காய்ந்ததாகத் தெரிவது ராத்திரி மறுபடியும் ஈரமாகும். அதனால் வெளியே போய் வந்தால், நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒருதரம் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். பெட்டியில் IP68 என்று போட்டிருக்கிறதே என்பவர்களுக்கு: அது அசையாத நல்ல தண்ணீரில், புதுப் போனுக்குச் செய்த சோதனை. கடல் தண்ணீருக்கும், மூன்று வருஷம் பழகிய போனுக்கும் அந்த உத்தரவாதம் கிடையாது.

அரிசி? துவாரத்துக்குள் நிற்கிற தண்ணீரை அது உறிஞ்சி எடுக்காது. தவிடும் தூளும் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். ஆப்பிள் கம்பெனியே அரிசிப் பையில் வைக்காதீர்கள் என்று எழுதியிருக்கிறது. போனை அணைத்து, துவாரம் கீழே பார்க்கப் பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டி, ஃபேன் காற்றில் வையுங்கள். ஒரு நாள் முழுக்கச் சார்ஜ் ஒயரைத் தொடாதீர்கள். முடியைக் காயவைக்கும் டிரையரும் வேண்டாம், சூடு உள்ளே இருக்கும் பசையை இளக்கிவிடும்.

படமே எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மழைக்குள் இறங்கினால்தான் மழை தெரியும் என்பது தப்பு. வெளுத்த வானத்தைப் பார்த்து எடுத்தால் எந்த மழையும் தெரியாது. திண்ணையில் உட்கார்ந்து, எதிர்வீட்டின் இருண்ட வாசலையோ நனைந்து கறுத்த பனையையோ பின்னணியாக வையுங்கள். வெளிச்சம் பக்கவாட்டிலோ எதிரிலோ இருந்தால் ஒவ்வொரு தாரையும் மின்னும். புரோ மோடில் ஷட்டரை 1/60 வைத்தால் கோடு கோடாக விழும், 1/1000 வைத்தால் சொட்டு சொட்டாக நிற்கும்.

கட்டாயம் வெளியே போக வேண்டுமென்றால் ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போடுங்கள். லென்சுக்கு நேரே பிளாஸ்டிக் இருந்தால் படம் கலங்கும். அங்கே மட்டும் வட்டமாக வெட்டி, ஓரத்தைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். திரையில் சொட்டு விழுந்தால் விரல் என்று நினைத்து அதுவே எதையாவது அமுக்கும், அதனால் வால்யூம் பட்டனால் எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் கவரை விட்டு வெளியே எடுத்துவிடுங்கள். போனின் சூட்டில் கவருக்குள்ளேயே வேர்த்துவிடும்.

என் மைனி மட்டும் இன்னும் கேட்கவில்லை. "அரிசிக்குள்ள போட்டா நல்லதுதானல" என்கிறாள். அந்த அரிசியைத்தான் நேற்று மத்தியானம் சோறாக்கிப் போட்டாள்.