பதினாறு நாள் யார் கணக்கில்?

கடந்த பருவத் தேர்வுக்குச் சில வாரங்களுக்கு முன்பு, எங்கள் பக்கத்து ஊர் காலனியிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகள் இரண்டாம் ஆண்டு பட்டப்படிப்பு மாணவி. குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். தாய் விவசாயக் கூலி. மகளின் கையில் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த பட்டியலின் செல்போன் படம் இருந்தது. அவள் பெயருக்கு நேரே 64.44 சதவீதம் என்று இருந்தது. பக்கத்தில் ஒரே சொல்: ‘ரீடூ’. அதாவது, இந்தப் பருவத்தை அடுத்த ஆண்டு மறுபடியும் படிக்க வேண்டும்.

“பத்து நாள் மெடிக்கல் லீவு கொடுத்துட்டோம்னு சொன்னாங்கய்யா. கொடுத்த பிறகும் எப்படி இப்படி வரும்?” என்று அந்தத் தாய் கேட்டார். அந்தக் கேள்விக்கான விடைதான் இந்தக் கட்டுரை. அதைத் தெரிந்துகொள்ளாததால், குறிப்பாக நம் பிள்ளைகள், சத்தமில்லாமல் ஓராண்டை இழக்கிறார்கள்.

முதலில் விவரத்தைப் பார்ப்போம். அந்தப் பருவத்தில் வேலை நாட்கள் 90. மாணவி வகுப்பில் இருந்தது 58 நாள். வராதது 32 நாள். அதில் 6 நாள் நடவு வேலை, ஊர்த் திருவிழா என்று சொந்தக் காரணங்களுக்குப் போனது. மீதி 26 நாள் மஞ்சள் காமாலை. ஒரு திங்கட்கிழமை அரசு மருத்துவமனையில் சேர்த்து, சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ஒரு வாரம் ஓய்வு’ என்று எழுதியிருந்தது. அந்த ஒரு வாரத்தில் உடம்பு தேறவில்லை. அடுத்த மூன்று வாரமும் ஒரு நாளும் படுக்கையில்தான் கிடந்தாள். இடையில் இரண்டு முறை ஓ.பி.யில் காட்டினார்கள். அந்தச் சீட்டுகளில் தேதியும் மாத்திரையும்தான் இருந்தன. எத்தனை நாள் ஓய்வு தேவை என்று இல்லை.

கல்லூரி என்ன செய்தது? மருத்துவமனையில் இருந்த 5 வேலை நாளையும், சம்மரியில் எழுதிய ஓய்வு வாரத்தின் 5 வேலை நாளையும் சேர்த்து 10 நாளை மருத்துவ விடுப்பாக ஏற்றுக்கொண்டது. மீதி 16 நாளுக்குச் சான்றிதழ் இல்லை என்று சாதாரண ஆப்சென்ட் ஆக்கிவிட்டது. ஒரே நோய், ஒரே படுக்கை. ஆனால் பாதி விடுப்பு, பாதி வராத நாள்.

அந்தக் கல்லூரியின் கையேட்டில் மூன்று படிகள் உண்டு. 75 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் நேராகத் தேர்வு எழுதலாம். 65 முதல் 75-க்குள் இருந்தால், மருத்துவக் காரணம் காட்டி, கண்டனேஷன் கட்டணம் செலுத்தி எழுதலாம். 65-க்குக் கீழே போனால் ரீடூ. எண்கள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறினாலும், இப்படிப் படி வைப்பது நம் மாநிலத்தில் பரவலான வழக்கம்.

இப்போது ஏற்றுக்கொண்ட அந்த 10 நாளை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. இதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, எங்கேயும் வைக்காமல் விடுவது. கணினியில் அந்த நாட்களுக்கு நேரே ‘எம்.எல்.’ என்று பதிவாகும், அவ்வளவுதான். வந்த நாள் 58, மொத்தம் 90. வகுத்தால் 64.44. ரீடூ.

இரண்டாவது வழி, அந்த 10 நாளை வந்த நாளாகக் கருதிச் சேர்ப்பது. 58-உடன் 10 சேர்த்தால் 68. அதை 90-ஆல் வகுத்தால் 75.56. கட்டணம்கூட இல்லாமல் நேராகத் தேர்வு எழுதலாம்.

மூன்றாவது வழி, அந்த 10 நாளை மொத்தத்திலிருந்தே கழித்துவிடுவது. நோயில் கிடந்த நாள் வந்த நாளும் அல்ல, வராத நாளும் அல்ல என்பது இதன் நியாயம். 90-இல் 10 போனால் 80. 58-ஐ 80-ஆல் வகுத்தால் 72.5. கண்டனேஷன் கட்டி எழுதலாம்.

அதே மாணவி, அதே நோய், அதே 10 நாள். ஆனால் மூன்று வழிக்கும் மூன்று தலைவிதி. இரண்டாவதும் மூன்றாவதும் ஏன் வேறுபடுகின்றன என்று பிள்ளைகள் கேட்பார்கள். இரண்டிலுமே ஏற்கப்படாத நாட்கள் 22 தான்: 16 நோய் நாளும், 6 சொந்தக் காரண நாளும். 90 நாளில் கால் பங்கு 22.5. ஆகவே 22 அதற்குள் அடங்கிவிடுகிறது. 80 நாளில் கால் பங்கு 20 மட்டும். ஆகவே 22 மீறிவிடுகிறது. மொத்தம் சுருங்கும்போது, மீதியிருக்கும் ஒவ்வொரு ஆப்சென்ட்டும் கூடுதலாகக் கனக்கிறது.

அவளுக்கு நடந்தது முதல் வழி. விடுப்பு ‘கொடுத்தது’ உண்மை. ஆனால் அது கணக்கில் ஏறவே இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. சான்றிதழ் ஏற்கப்படுவதற்கு முன் இருந்த சதவீதத்தையும், ஏற்கப்பட்ட பின் வந்த சதவீதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண் அசையவில்லை என்றால், அந்த ‘எம்.எல்.’ வெறும் அடையாளம்தான். முதல் வழியிலும் ஒரு நியாயம் இருக்க முடியும்: சதவீதத்தைத் தொடாமல், 65-க்கு மேல் இருப்பவருக்கு மட்டும் சான்றிதழைப் பயன்படுத்துவோம் என்று ஒரு கல்லூரி முடிவு செய்யலாம். அப்படியானால் அதைப் பருவத் தொடக்கத்திலேயே எழுதி ஒட்ட வேண்டும். விடுப்பு கொடுத்துவிட்டோம் என்று வாயால் சொல்லிவிட்டுக் கணக்கில் மறைப்பது நியாயம் அல்ல.

அடுத்து அந்த 16 நாள். என் வாதத்தின் மையம் இதுதான். கல்லூரி அலுவலகங்களில் பழக்கமாகிவிட்ட ஓர் எண்ணம் உண்டு: மருத்துவமனையில் கட்டிலில் படுத்தால்தான் நோய், வீட்டில் பாயில் படுத்தால் லீவு. விதி அப்படிச் சொல்லவில்லை. உதாரணமாக, அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013 விதிமுறை, 65 முதல் 75-க்குள் இருப்பவருக்குச் சலுகை தரும்போது, மருத்துவமனையில் தங்குவது, விபத்து, குறிப்பிட்ட நோய் என மூன்றையும் தனித்தனியாகச் சொல்கிறது. குறிப்பிட்ட நோய் என்று தனியே சொல்வதற்குப் பொருளே, கட்டில் கட்டாயமில்லை என்பதுதானே?

ஆனால் சான்றிதழ் வேண்டும் அல்லவா என்று கேட்கலாம். வேண்டும். ஆனால் அந்தச் சான்றிதழ் யாருக்கு எளிதாகக் கிடைக்கிறது? கையில் காசு உள்ள வீட்டுப் பிள்ளை தனியார் கிளினிக்கில் ‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை’ என்று அரை மணி நேரத்தில் எழுதி வாங்கிவிடும். அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும் காலனிப் பிள்ளைக்குக் கிடைப்பது ஓ.பி. சீட்டு. அதில் ஒரு நாள் தேதிதான் இருக்கும். மாத்திரை வாங்கிக்கொண்டு கூலிநாள் போய்விடுமே என்று தாய் ஓடிவந்துவிடுவார். சான்றிதழ் என்று ஒன்று கேட்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. கேட்டாலும் காத்திருக்க நேரமில்லை. சாதி பார்த்து யாரும் ஆப்சென்ட் போடவில்லை என்று கல்லூரி சொல்லும். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கணக்கு முடியும்போது ரீடூ பட்டியலில் யார் பெயர்கள் நிற்கின்றன என்று கல்லூரி முதல்வர்கள் ஒருமுறை பார்க்கட்டும்.

ஆகவே பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். டாக்டரிடம் சீட்டு வாங்கும்போதே, நோயின் பெயர், ஓய்வு தொடங்கும் தேதி, முடியும் தேதி மூன்றும் எழுதிய சான்றிதழைக் கேளுங்கள். ஓய்வு நீண்டால், மறுபரிசோதனைக்குப் போகும் அன்றே அந்த நீட்டிப்பையும் எழுதி வாங்குங்கள். பிறகு பின்தேதி போட்டுத் தர டாக்டர்கள் மறுப்பார்கள், மறுப்பதும் சரியே. திரும்பி வரும் நாளில் ஃபிட்னஸ் சான்றிதழும் வேண்டும். நோய் வந்த முதல் வாரத்திலேயே துறைத் தலைவருக்கு ஒரு விடுப்புக் கடிதம் போய்ச் சேரட்டும். இந்த மாணவிக்கு, மீதி 16 நாளில் இன்னும் 3 நாளுக்குச் சான்று இருந்திருந்தால், கடுமையான மூன்றாவது வழியில்கூட 58-ஐ 77-ஆல் வகுத்து 75.32 வந்திருக்கும்.

சான்றிதழில் உள்ள நாளையும் வேலை நாளையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவள் நோயில் இருந்தது காலண்டரில் 36 நாள். வேலை நாள் 26 தான். சனி, ஞாயிறு பத்து நாள் கணக்கில் வராது. சில அலுவலகங்கள் ‘பத்து நாள்தான் அனுமதி’ என்று சொல்லி, விடுமுறை நாட்களையும் அந்தப் பத்துக்குள் எண்ணிவிடுகின்றன. எந்தெந்தத் தேதிகள் என்று கேளுங்கள்.

அவள் விஷயத்தில் நாங்கள் செய்தது ஒன்றுதான். வந்த நாள், வராத நாள், ஏற்ற நாள் ஆகியவற்றைத் தேதிவாரியாகத் தரும்படி முதல்வருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுத்தாள். அரசுக் கல்லூரியிலும் அரசு உதவி பெறும் கல்லூரியிலும் தகவல் உரிமைச் சட்டப்படியும் இதைக் கேட்கலாம். ஆனால் பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் தேர்வு முடிந்துவிடும். அதனால் கடிதமே முதல் வழி.

தேதிவாரிப் பட்டியல் வந்தது. அவள் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குக் கல்லூரியே அனுப்பிய ஒரு நாள், சொந்தக் காரண ஆறு நாளில் ஒன்றாக எண்ணப்பட்டிருந்தது. அதை ஆன் டியூட்டி ஆக்கினார்கள். 59-ஐ 90-ஆல் வகுத்தால் 65.56. கண்டனேஷன் கதவு திறந்தது. கட்டணம் கட்டித் தேர்வு எழுதினாள்.

இது மகிழ்ச்சியான முடிவு என்று நான் நினைக்கவில்லை. அந்த ஒரு நாள் கிடைக்காமல் போயிருந்தால் ஓராண்டு போயிருக்கும். ஆண்டு போனால் உதவித்தொகையும் சிக்கலாகும். 2010 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை விதிமுறையில், நோயால் ஆண்டுத் தேர்வு எழுத முடியாதவருக்கு, மருத்துவச் சான்றும், எழுதியிருந்தால் தேறியிருப்பார் என்ற கல்லூரித் தலைவரின் சான்றும் இருந்தால், அடுத்த ஆண்டுக்கு உதவித்தொகையைப் புதுப்பிக்க இடம் இருந்தது. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. நடப்பு ஆண்டில் என்ன நிலை என்று மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கல்லூரிகளிடம் கேட்பது பெரிய சலுகை அல்ல. ஏற்ற மருத்துவ நாளைச் சேர்க்கிறீர்களா, கழிக்கிறீர்களா, தொடாமல் விடுகிறீர்களா என்பதைப் பருவம் தொடங்கும்போதே தமிழில் எழுதி ஒட்டுங்கள். மாதா மாதம் சதவீதத்துடன் ஏற்ற தேதிகளையும் கொடுங்கள். அரசு மருத்துவமனையின் ஓ.பி. சீட்டு ஒரு தேதியைத்தான் காட்டுகிறது என்றால், மீதி நாளை ஆப்சென்ட் ஆக்கும் முன் சான்றிதழ் கொண்டுவர ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். பாயில் கிடந்த பதினாறு நாளும் நோய் நாள்தான்.