சொட்டை எல்லாம் புழுவெட்டு அல்ல!

அடையாறில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். எட்டு வயது மகளுக்குத் தலை வாரும் தாய், உச்சியில் சொட்டையைப் பார்க்கிறாள். "புழுவெட்டு!" என்று சின்ன வெங்காயத்தை எடுக்கிறாள்.

வெங்காயத்துக்கு முன் கண்ணுக்கு வேலை கொடுக்க வேண்டும்.

புழுவெட்டு காசுபோல் வட்டமாக இருக்கும். தோல் வழவழக்கும். அது பரவும்போது ஓரத்து முடியை மெல்ல இழுத்தாலே கையோடு வரும். புழு எதுவும் இல்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே முடியின் வேரைத் தாக்குகிறது.

குழந்தையே முடியைப் பிடுங்கினால் சொட்டை கோணல்மாணலாக இருக்கும். அங்கே நெட்டையும் குட்டையுமாக முடி நிற்கும். தடவினால் சொரசொரக்கும். மெல்ல இழுத்தால் வராது.

1889-ல் பிரெஞ்சு டாக்டர் ஹாலப்போ, தன் முடியைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கிய வாலிபனைப் பற்றி எழுதினார். இதற்கு 'டிரைக்கோட்டில்லோமேனியா' என்று பெயர் வைத்தவர் அவரே.

பாடம் படிக்கும்போதும், தூக்கம் வரும்போதும் கை தானாகத் தலைக்குப் போகும். பல நேரம் குழந்தைக்கே அது தெரியாது. அடித்தால் பழக்கம் நிற்காது, மறைவில் தொடரும். கை தலைக்குப் போகும் நேரத்தைக் கவனித்து, அப்போது பிசைய ஒரு பந்தைக் கொடுக்கலாம். மனநல டாக்டர்கள் இப்படித்தான் கைக்கு மாற்று வேலை பழக்குகிறார்கள்.

பிடுங்கிய முடியைக் குழந்தை விழுங்குகிறதா? அது வயிற்றில் பந்தாகத் திரளலாம். வயிற்று வலியோ வாந்தியோ வந்தால் தாமதிக்கக் கூடாது.

சொட்டையில் செதில் உதிர்ந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். எதுவானாலும் முதலில் தோல் டாக்டரிடம் காட்ட வேண்டும். பிரம்பை எடுக்க வேண்டாம்!