முதல் ஐந்து நிமிடமும் மதிப்பெண் தாளும்

“சொந்த ஊர் எது? அப்பா என்ன செய்கிறார்? எந்தக் கல்லூரி?” பல நேர்காணல்கள் இப்படித்தான் தொடங்குகின்றன. வந்தவரின் பதற்றம் தணியட்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் இவற்றைக் கேட்கிறார்கள். இவற்றுக்கு மதிப்பெண் கிடையாது. குறிப்புத் தாளிலும் இவை ஏறுவதில்லை. ஆனால் ஒருவரைப் பற்றிய முதல் எண்ணம் உருவாவதும், ‘இவர் நம்ம ஆள்’ என்ற நெருக்கம் பிறப்பதும் இந்தச் சில நிமிடங்களில்தான். தேர்வில் நேரும் சாய்வை இறுதி விவாதத்தில் தேடிப் பிடிக்கப் பார்க்கிறது மனிதவளத் துறை. அதற்குள் சாய்வு தன் வேலையை முடித்துவிடுகிறது.

முதல் எண்ணம் தனக்கு வேண்டிய சாட்சியத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் என்பதுதான் இதில் கவலைக்குரியது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வேர்ட், சான்னா, கூப்பர் ஆகியோர் நடத்தி 1974இல் வெளியிட்ட சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. வெள்ளையின மாணவர்கள் நேர்காணல் செய்தனர். எதிரே கறுப்பின விண்ணப்பதாரர் இருந்தபோது அவர்கள் சற்றுத் தள்ளி அமர்ந்தனர், பேச்சில் அதிகம் தடுமாறினர், சீக்கிரமே பேட்டியை முடித்தனர். சோதனையின் இரண்டாம் பகுதியில் விண்ணப்பதாரர் அனைவருமே வெள்ளையினத்தவர். பயிற்சி பெற்ற பேட்டியாளர்கள் அவர்களில் சிலரிடம் வேண்டுமென்றே அதே விலகலோடு நடந்துகொண்டனர். அப்படி நடத்தப்பட்டவர்களின் பதில்கள் மோசமாக இருந்தன என்று தனி நடுவர்கள் மதிப்பிட்டனர். விண்ணப்பதாரர் சரியாகப் பேசவில்லை என்று எழுதும் பேட்டியாளர் பொய் சொல்லவில்லை; தான் ஒட்டாமல் கேட்டதன் விளைவையே பதிவு செய்கிறார்.

ஒத்த பின்னணியை நாடும் சாய்வு இதைவிட மென்மையான வடிவில் வருகிறது. கேத்ரின் நியூமனும் சுரிந்தர் ஜோத்காவும் டெல்லி வட்டாரத்துப் பெரு நிறுவனங்களின் மனிதவள மேலாளர்கள் 25 பேரிடம் பேசி 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தகுதி ஒன்றையே பார்ப்பதாகச் சொன்ன மேலாளர்கள், குடும்பப் பின்னணி பற்றிய கேள்வியையும் இயல்பானதாகவே கருதினர். வளர்ப்பு முறையும் பண்பும் அதில் தெரியும் என்பது அவர்கள் நம்பிக்கை. தமிழ்நாட்டில் ஊர்ப் பெயரும் தந்தையின் தொழிலும் எவற்றையெல்லாம் சேர்த்துச் சொல்லிவிடும் என்பதை இத்துறையினருக்கு விளக்க வேண்டியதில்லை. சாதியைக் கேட்கவில்லை என்று குழு உண்மையாகவே நம்பலாம். விடை மட்டும் அறைக்குள் வந்துவிடுகிறது.

இதற்கு ஓர் எளிய மாற்று 1955லேயே பயன்பாட்டுக்கு வந்தது. இஸ்ரேல் ராணுவத்தில் ஆள் தேர்வு நேர்காணலைத் திருத்தும் பொறுப்பு 21 வயது டேனியல் கானெமனிடம் வந்தது. அதுவரை பேட்டியாளர்கள் பதினைந்து இருபது நிமிடம் பொதுவாகப் பேசி, ஆளைப் பற்றி ஒட்டுமொத்தமாக ஒரு கணிப்பு எழுதினர். பின்னாளில் அவர் வீரராக எப்படிச் செயல்படுவார் என்பதைச் சொல்ல அந்தக் கணிப்பு ஏறக்குறைய உதவவே இல்லை. கானெமன் ஆறு குணங்களைத் தேர்ந்தார். ஒவ்வொன்றுக்கும் நடந்தவற்றைக் கேட்கும் கேள்விகளை வரிசைப்படுத்தினார். ஒரு குணத்துக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்ட பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும் என்றார். தங்களை இயந்திரமாக்குவதாகப் பேட்டியாளர்கள் கோபப்பட்டனர். ஆறையும் முடித்த பிறகு கண்ணை மூடி யோசித்து உள்ளுணர்வின்படியும் ஒரு மதிப்பெண் போடுங்கள் என்று அவர் விட்டுக்கொடுத்தார். ஆறு மதிப்பெண்களின் கூட்டல் பழைய கணிப்பைவிட நன்றாகவே வேலை செய்தது. கடைசியில் போட்ட உள்ளுணர்வு மதிப்பெண்ணும் அதே அளவு பயன்பட்டது. உள்ளுணர்வை ஒதுக்க வேண்டாம், அதன் முறை கடைசியில் வரட்டும் என்பதே அந்தப் பாடம்.

இந்த முறையை ஒரு சாதாரணப் பணியிடத்தில் பொருத்திப் பார்க்கலாம். கிடங்கு மேற்பார்வையாளர் வேலைக்கு இருவர் வருவதாகக் கொள்வோம். முதலாமவர் குழுத் தலைவர் படித்த அதே கல்லூரி, சரளமான ஆங்கிலம். இரண்டாமவர் சிறு நகரத்துக்காரர், யோசித்து நிறுத்திப் பேசுபவர். மதிப்பெண் தாள் இல்லாத பேட்டியில் முதலாமவரோடு விடுதி நினைவுகளில் பத்து நிமிடம் கழிகிறது. பிறகு, “ஸ்டாக் எல்லாம் பார்த்திருப்பீர்களே?” என்று விடையை உள்ளே வைத்தே கேட்கிறார்கள். இரண்டாமவரிடமோ, “ஸ்டாக் குறைந்தால் என்ன செய்வீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம்” என்று கேட்கிறார்கள். கேள்விகளே வேறாகிவிட்டதால் விடைகளை ஒப்பிட வழியில்லை.

தாள் இருந்தால் இருவருக்கும் ஒரே கேள்வி: “கணினியில் 240 பெட்டி, ரேக்கில் 228 பெட்டி. முதல் அரை மணி நேரத்தில் என்ன செய்வீர்கள்?” எந்த விடைக்கு எத்தனை மதிப்பெண் என்பதும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். அந்தச் சரக்கு வெளியே போவதை நிறுத்தி, இன்னொருவரை வைத்து மறுபடி எண்ணி, பக்கத்து ரேக்கையும் கடைசி வரவு, அனுப்புகைச் சீட்டுகளையும் சரிபார்ப்பவருக்கு 5. மறுபடி எண்ணிவிட்டு மேலாளரிடம் சொல்பவருக்கு 3. கணினி எண்ணைத் திருத்திச் சரிக்கட்டுபவருக்கு 1. இதேபோல ஷிப்டில் ஆள் குறையும்போது வேலையைப் பிரிப்பதற்கும், லாரி ஓட்டுநரோடு வரும் தகராறைத் தீர்ப்பதற்கும் ஒவ்வொரு கேள்வி. முதலாமவர் 3, 4, 3 என 10 பெறுகிறார். இரண்டாமவர் 5, 4, 3 என 12.

இங்கேதான் சாய்வு வெளிப்படையாகத் தலைகாட்டும். “எல்லாம் சரி, ஆனால் இரண்டாமவருக்கு கம்யூனிகேஷன் போதாது” என்று ஒருவர் சொல்வார். தாளில் இல்லாத அளவுகோல் ஒன்று, முடிவு தெரிந்த பிறகு நுழைகிறது. எரிக் உல்மானும் ஜெஃப்ரி கோஹனும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், காவல் துறைத் தலைவர் பதவிக்கு ஆண், பெண் விண்ணப்பதாரர்களை மதிப்பிட்டவர்கள் இதையே செய்தனர். ஆணிடம் எந்தத் தகுதி இருந்ததோ அதுவே பதவிக்கு முக்கியம் என்றனர். அளவுகோலை முன்பே உறுதி செய்யச் சொன்னபோது அந்தப் பாகுபாடு மறைந்தது. கிடங்கு வேலைக்கு ஆங்கிலம் உண்மையிலேயே வேண்டுமென்றால், வாடிக்கையாளருக்குக் குறைபாட்டை விளக்கி ஐந்து வரி மின்னஞ்சல் எழுதச் சொல்லி, அதை நான்காவது அளவுகோலாக முன்பே சேர்க்கலாம்.

தாள் மட்டுமே எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. பேரிக், ஸ்வைடர், ஸ்டீவர்ட் ஆகியோரின் 2010ஆம் ஆண்டு ஆய்வில், தொடக்க உரையாடலில் உருவான எண்ணம், பிறகு கட்டமைப்போடு நடந்த பேட்டியின் மதிப்பெண்ணோடும் ஒத்துப்போனது. எனவே வரவேற்று, உட்கார வைத்து, தேநீர் கொடுத்துப் பதற்றம் தணிக்கும் வேலையைக் குழுவில் இல்லாத ஒருவர் செய்வது நல்லது. அறைக்குள் பேச்சு முதல் கேள்வியிலிருந்தே தொடங்கட்டும். பேட்டி முடிந்ததும் உறுப்பினர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளாமல் தனித்தனியே மதிப்பெண் எழுதிக் கொடுக்க வேண்டும். மூத்தவர் வாய் திறந்த பிறகு எழுதப்படும் மூன்று தாள்களும் ஒரே தாள்தான்.

தங்கள் நிறுவனத்தில் சாய்வு இருக்கிறதா என்று அறிய விரும்புவோர் கடைசிப் பத்துத் தேர்வுகளின் கோப்புகளை எடுத்துப் பார்க்கலாம். ஒரே பணியிடத்துக்கு வந்தவர்களிடம் வெவ்வேறு கேள்விகள் கேட்கப்பட்டிருக்கின்றனவா? விண்ணப்பதாரர் சொன்னது எழுதப்பட்டிருக்கிறதா, அல்லது ‘ஸ்மார்ட்’, ‘நல்ல பையன்’ போன்ற சொற்கள் மட்டும் இருக்கின்றனவா? ஒருவருக்கு எல்லா அளவுகோலிலும் 4, இன்னொருவருக்கு எல்லாவற்றிலும் 2 என்று இருக்கிறதா? அப்படியிருந்தால் அளவுகோல்கள் தனித்தனியே அளக்கப்படவில்லை. ஒரே எண்ணம் எல்லாக் கட்டங்களிலும் எழுதப்பட்டிருக்கிறது. அடுத்த பணியிடத்துக்கு விளம்பரம் போகும் முன்பே அளவுகோல்களையும் 1, 3, 5க்கான விடைகளையும் எழுதி, குழுவினர் கையெழுத்திட்டுக் கோப்பில் வைப்பதிலிருந்து திருத்தத்தைத் தொடங்கலாம்.