‘மோனோபேசிக்’ என்பது ஒரு நோயின் பெயரன்று

காலின் தமனிகளுக்கான டூப்ளெக்ஸ் ஸ்கேன் அறிக்கைகளில் காணக்கிடைக்கும் தொடர் ஒன்று உண்டு: “முழங்காலுக்குக் கீழே மோனோபேசிக் அலை, குறிப்பிடத்தக்க குறுக்கம் இல்லை.” இதன் முதற்பாதி ஒரு வடிவத்தை விவரிக்கிறது, பிற்பாதி ஒரு தீர்ப்பை வழங்குகிறது. முன்னது பின்னதை ஐயத்துக்குள்ளாக்குகிறது என்பதை எழுதியவர் கவனிப்பதில்லை.

ஓய்விலிருக்கும் நலமான காலில் குருதி முதலில் விரைந்து முன்னோக்கிப் பாய்ந்து, நொடிப்பொழுது பின்வாங்கி, மீண்டும் சிறிது முன்செல்கிறது. மேலே ஓரிடத்தில் தமனி குறுகிவிட்டால், கீழுள்ள நுண்தமனிகள் குருதிக்காக விரிந்து கொடுக்கின்றன, தடை குறைகிறது, பின்வாங்கும் கட்டம் மறைந்து ஒற்றை அலை எஞ்சுகிறது. ஆனால் நடந்து வந்தவுடனும், பாதத்தில் சீழ்ப்புண் இருக்கும்போதும், அடைப்பே இல்லாத காலிலும் இதே வடிவம் தோன்றலாம். அப்போது அலை செங்குத்தாக எழும். மேலே அடைப்பு இருந்தால் தயங்கித் தாமதமாக எழும். வேறுபாடு எழுச்சியில் இருக்கிறது. ‘மோனோபேசிக்’ என்ற சொல்லோ அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இருபது ஆண்டுகளாகப் புகைபிடிக்கும் நீரிழிவுக்காரர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். புகை பெரும்பாலும் இடுப்பு, தொடைத் தமனிகளையும், நீரிழிவு முழங்காலுக்குக் கீழுள்ளவற்றையும் தாக்கும்; இவருக்கு இரண்டு இடமும் ஐயத்திற்குரியவை. கவட்டியில் அலை இயல்பாக இருக்கிறது. முழங்காலின் பின்புறம் தயங்கி எழும் ஒற்றை அலை. இவ்விரண்டு இடங்களை மட்டும் அளந்துவிட்டு ‘குறுக்கம் இல்லை’ என்று எழுதுவது பிழை; இடையிலுள்ள தொடைத் தமனியை விட்டம் விட்டமாகத் தொடர்ந்தால்தான் விடை கிடைக்கும். அங்கே ஓரிடத்தில் உச்ச வேகம் நொடிக்கு 320 சென்டிமீட்டர், அதற்குச் சற்று மேலே 80 எனில் விகிதம் 4. விகிதம் 2 ஆனாலே 50 விழுக்காட்டுக்கு மேற்பட்ட குறுக்கம் எனக் கொள்வது வழக்கம்.

அந்த 50 எதனுடையது என்பதும் சொல்லப்படவேண்டும். விட்டம் பாதியானால் பரப்பு முக்கால் பங்கு குறைந்துவிடுகிறது. ஒரே குறுக்கத்தை ஒருவர் 50 என்றும் மற்றொருவர் 75 என்றும் எழுதினால் இருவருமே சரியாகத்தான் எழுதியிருக்கக்கூடும். அறுவை மருத்துவருக்கு அது பெருங்குழப்பம்.

‘பைபேசிக்’ என்ற சொல் இதைவிட மோசம். ஒரு கூடத்தில் இயல்பு, மற்றொன்றில் நோய். அமெரிக்கக் குருதிக்குழல் மருத்துவ, அல்ட்ராசவுண்டு சங்கங்கள் 2020இல் வெளியிட்ட ஒருமித்த அறிக்கை அதைக் கைவிட்டு, ‘மல்டிபேசிக்’, ‘மோனோபேசிக்’ என்ற இரண்டையே வைத்துக்கொண்டது; உடன் தடை மிகுதியா, நடுத்தரமா, குறைவா என்ற அடைமொழியையும் சேர்க்கச் சொன்னது. அடைமொழியின்றி நிற்கும் ‘மோனோபேசிக்’ அரைகுறை வாக்கியமே.

நீரிழிவில் தமனிச் சுவர் சுண்ணாம்பேறி அதன் நிழல் திரையை மறைக்கும்போது வேகத்தை அளக்கவே இயலாது. அங்கே ‘குறுக்கம் இல்லை’ என்பதற்குப் பதிலாக, ‘இந்தப் பகுதி தெரியவில்லை, அதற்குக் கீழே அலை தயங்கி எழுகிறது’ என்று எழுதுவதே நேர்மையான வாக்கியம்.